மன்னிப்பைத் ‘தெரிவிக்க’ முடியாது

வணிகக் கடிதங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அண்மையில் ஒரு நிறுவனத்திலிருந்து, வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டிய மின்னஞ்சல் ஒன்று வந்தது. 10ஆம் தேதி சேரவேண்டிய உதிரிப்பாகங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. என் கைக்கு அது வந்த நாள் 14. வரைவு இதுதான்:

“தங்கள் பொருட்கள் தாமதமாகும். 13ஆம் தேதி அனுப்பப்படும். 16ஆம் தேதி வந்து சேர்ந்துவிடும். தங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறோம்.”

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை அப்படியே அனுப்பியிருந்தால் வாடிக்கையாளரின் கோபம் கூடியிருக்கும்.

எழுதியவர் 12ஆம் தேதி எழுதியிருக்கிறார். மேலாளரின் ஒப்புதலுக்காக மின்னஞ்சல் இரண்டு நாள் காத்திருந்தது. அதற்குள் 13ஆம் தேதி கடந்துவிட்டது. ‘அனுப்பப்படும்’ மட்டும் எதிர்காலத்திலேயே நின்றுவிட்டது. படிப்பவர் தேதியைப் பார்ப்பார், வினையைப் பார்ப்பார், பொருட்கள் இன்னும் கிளம்பவில்லை என்றே நினைப்பார். ‘தாமதமாகும்’ இதைவிட மோசம். தமிழில் ‘உம்’ ஈறு வழக்கத்தையும் குறிக்கும். ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதுபோல, இங்கே தாமதமாவதுதான் வழக்கம் என்றும் அதைப் படிக்கலாம். நடந்து முடிந்த தவறுக்கு இறந்தகாலமே பொருந்தும்: ‘தாமதமாகிவிட்டது’.

இத்தகைய கடிதங்களில் நான் முதலில் வினைமுற்றுகளுக்கு மட்டும் அடிக்கோடிடுவேன். அனுப்பும் நாளை மேலே எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வினையும் அதற்கு முன்பா பின்பா என்று பார்ப்பேன். வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் இந்தப் பிழை கண்ணில் படாது. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்குமே!

அடுத்தது சொல். மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவர் தருவது. அதை நாம் ‘தெரிவித்தால்’, நாமே அவரை மன்னிப்பதாகப் பொருள்படும். வருத்தத்தைத் தெரிவிக்கலாம், மன்னிப்பைக் கோரத்தான் வேண்டும். இந்தக் குழப்பத்தைப் பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகளில்கூடப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் உறுத்துகிறது. ‘ஏற்பட்டிருந்தால்’ என்பதும் வேண்டாம். நான்கு நாள் காத்திருந்தவருக்குச் சிரமம் உண்டா என்று ஐயப்படுவது அவரைப் புண்படுத்தும்.

மீதமிருந்தது ‘சேர்ந்துவிடும்’. ‘விடு’ என்னும் துணைவினை இங்கே உறுதி தருகிறது. அந்த உறுதி உண்மையா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவர் போக்குவரத்து நிறுவனத்தை விசாரித்துவிட்டு, 17ஆம் தேதிதான் சேரும் என்றார். அன்று மாலை போன மின்னஞ்சல்:

“10ஆம் தேதி தங்களிடம் சேரவேண்டிய பொருட்கள் தாமதமாகிவிட்டன. 13ஆம் தேதி அவற்றை அனுப்பினோம். இப்போது வழியில் இருக்கின்றன. 17ஆம் தேதி வந்து சேரும். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கோருகிறோம்.”