நுனியில் தொடங்கி வாலுக்குத் தாவும் நொதி

1960-களில் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஹோவர்ட் டெமினுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் ஆராய்ந்த ரவுஸ் சர்கோமா வைரஸ் கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது. அதன் மரபுப்பொருள் ஆர்என்ஏ. ஆக்டினோமைசின் டி என்ற மருந்து டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பதைத்தான் தடுக்கும். ஆர்என்ஏ வைரஸுக்கு அதனால் பாதிப்பு வரக்கூடாது. ஆனால் அந்த மருந்தைக் கொடுத்ததும் புதிய வைரஸ் உற்பத்தி நின்றுபோனது. அப்படியென்றால் இந்த வைரஸ் நடுவில் எங்கோ டிஎன்ஏ-வாக மாறி இருக்கிறது என்றார் டெமின். பெரும்பாலானோர் நம்பவில்லை. டிஎன்ஏ-விலிருந்து ஆர்என்ஏ வரும், ஆர்என்ஏ-விலிருந்து டிஎன்ஏ எப்படி வரும்?

1970-இல் விடை கிடைத்தது. டெமினும் அவருடன் பணியாற்றிய மிசுதானியும் ஒருபுறம், தனியாக டேவிட் பால்டிமோர் மறுபுறம், ஏறக்குறைய ஒரே சோதனையைச் செய்தார்கள். வைரஸ் துகளின் உறையைச் சோப்பு போன்ற ஒரு பொருளால் திறந்து, டிஎன்ஏ கட்டத் தேவையான மூலப்பொருட்களைக் கதிரியக்க அடையாளத்துடன் சேர்த்தார்கள். டிஎன்ஏ உருவானது. வைரஸின் ஆர்என்ஏ-வை முன்கூட்டியே அழித்துவிட்டால் உருவாகவில்லை. அதைச் செய்யும் நொதிக்குத்தான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். ஆய்வகப் பேச்சில் வெறும் 'ஆர்டி'.

இந்த நொதிக்கு ஒரு வரம்பு உண்டு. வெற்று ஆர்என்ஏ-வைக் கொடுத்தால் அதனால் எழுதத் தொடங்க முடியாது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஒரு சிறு துண்டை நீட்டத்தான் தெரியும். அந்தத் துண்டு பிரைமர். இதே வகை வைரஸான எச்ஐவி இதற்கு, புரதம் கட்ட அமினோ அமிலம் சுமந்து வரும் டிஆர்என்ஏ ஒன்றை நம் செல்லிலிருந்தே திருடி வைத்துக்கொள்கிறது. லைசின் அமினோ அமிலத்தைச் சுமக்கும் வகை அது. அதன் கடைசி 18 எழுத்துகள் வைரஸ் ஆர்என்ஏ-வில் ஓரிடத்தில் கச்சிதமாகப் பொருந்தும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் வைரஸ் ஆர்என்ஏ-வின் முன் நுனிக்கு மிக அருகே இருக்கிறது. நொதி படிக்கும் திசையும் அந்த நுனியை நோக்கித்தான். சுமார் 9,200 எழுத்து நீள ஆர்என்ஏ-வில் 180 எழுத்துகளைப் படித்ததுமே பாதை முடிந்துவிடுகிறது. அப்புறம்?

அப்புறம் ஒரு தாவல். ஆர்டி நொதிக்கு இன்னொரு கையும் உண்டு: படியெடுத்து முடித்த ஆர்என்ஏ-வை அதுவே தின்றுவிடும். முன் நுனி ஆர்என்ஏ கரைந்ததும், புதிய டிஎன்ஏ துண்டு இணையில்லாமல் தொங்குகிறது. வைரஸ் ஆர்என்ஏ-வின் முன் நுனியிலும் வால் நுனியிலும் ஒரே வரிசை எழுதப்பட்டிருக்கிறது. அதனால் தொங்கும் துண்டு வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்போது நொதிக்கு முழு நீளமும் முன்னால் கிடக்கிறது. வாலிலிருந்து படித்துக்கொண்டே வருகிறது. இரண்டாவது இழையை எழுதும்போது இதேபோல் இன்னொரு தாவலும் உண்டு.

இத்தனை சுற்று எதற்கு? "இங்கிருந்து படியெடு" என்று செல்லுக்குச் சொல்லும் வரிசையைப் புரோமோட்டர் என்பார்கள். செல் அதற்கு அடுத்த எழுத்திலிருந்துதான் ஆர்என்ஏ எழுதும். புரோமோட்டர் அந்த ஆர்என்ஏ-வின் தொடக்கத்தில் இடம்பெறாது. வைரஸ் தன் ஆர்என்ஏ-வை நேராகப் படியெடுத்தால் ஒரே தலைமுறையில் புரோமோட்டரை இழந்துவிடும். அதன் பிரதி ஒன்று வாலில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு தாவல்களும் சேர்ந்து அதை முன்பக்கத்துக்கும் கொண்டுவந்துவிடுகின்றன. முடிவில் கிடைக்கும் டிஎன்ஏ மூல ஆர்என்ஏ-வைவிடச் சற்று நீளமானது.

மீதிக் கதை நேரானது. இன்டிகிரேஸ் என்ற நொதி இந்த டிஎன்ஏ-வை நம் குரோமோசோமுக்குள் செருகுகிறது. அதன் பிறகு செல் அதைத் தன் மரபணுவாக நினைத்துப் படியெடுக்கிறது, புரதம் செய்கிறது. புதிய துகள்கள் செல் சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரிகின்றன.

இதே நொதியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தபோது முதலில் எழுந்த கேள்வியும் பிரைமர்தான். 1972-இல் மூன்று குழுக்கள் சிவப்பணு முன்னோடிகளிலிருந்து குளோபின் புரதத்தின் தூது ஆர்என்ஏ-வை எடுத்து டிஎன்ஏ-வாக்கின. தூது ஆர்என்ஏ-க்களின் வாலில் 'ஏ' என்ற எழுத்து நீளமாகத் தொடர்ந்து வரும். அதற்கு இணையான 'டி' எழுத்துகள் மட்டும் கொண்ட ஒரு சிறு துண்டைப் போட்டால், அது வாலில் ஒட்டிக்கொண்டு பிரைமர் ஆகிவிடுகிறது. இப்படிக் கிடைக்கும் டிஎன்ஏ-தான் சிடிஎன்ஏ. பீட்டா குளோபின் மரபணு குரோமோசோமில் சுமார் 1,600 எழுத்து நீளம். நடுவே புரதத்துக்கான செய்தி இல்லாத இரண்டு துண்டுகள், அதாவது இன்ட்ரான்கள். செல் அவற்றை வெட்டி எறிந்த பிறகு வரும் தூது ஆர்என்ஏ-வில் 600-க்குச் சற்று மேல்தான் எழுத்துகள். இன்ட்ரானை வெட்டத் தெரியாத பாக்டீரியாவுக்கு மனிதப் புரதம் செய்யக் கொடுக்க வேண்டுமானால் சிடிஎன்ஏ-தான் வசதி.

இன்றைய செய்முறை சுருக்கமானது. ஒரு மைக்ரோகிராம் ஆர்என்ஏ-வையும் பிரைமரையும் 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆர்என்ஏ-வின் மடிப்புகளைப் பிரித்து, உடனே ஐஸில் வைப்போம். பிறகு நொதி சேர்த்து 42 முதல் 50 டிகிரியில் ஒரு மணி நேரம். பெரும்பாலும் எலி வைரஸ் ஒன்றின் நொதிதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஆர்என்ஏ தின்னும் கையைப் பல நிறுவனங்கள் மரபணு மாற்றத்தால் முடக்கி விற்கின்றன. வைரஸுக்கு அது இல்லாமல் தாவ முடியாது. நமக்கோ, படித்து முடிக்கும் முன்பே மூலத்தைத் தின்றுவிடுமோ என்ற பயம்.

தாவும் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆர்என்ஏ-வின் முன் நுனியை எட்டியதும் இந்த எலி நொதி யாரும் கேட்காமலே சில 'சி' எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்க்கும். மூன்று 'ஜி'-யில் முடியும் ஒரு துண்டைக் குழாயில் போட்டுவைத்தால், அது அந்த 'சி'-களில் ஒட்டும். நொதி அதற்குத் தாவி எழுத்தைத் தொடரும். நுனிவரை வந்த பிரதிகளுக்கு மட்டும் இந்த அடையாளம் கிடைக்கும். ஒற்றைச் செல்லின் ஆர்என்ஏ-வைப் படிக்கும் முறைகள் பல இதை நம்பியே இருக்கின்றன.

சரி, எங்கே தப்பு நடக்கும்? ஆர்என்ஏ எடுக்கும்போது குரோமோசோம் டிஎன்ஏ-வும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். சிடிஎன்ஏ-வைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் பிசிஆர் இவை இரண்டையும் பிரித்தறியாது. அதனால் எல்லாம் போட்டு நொதியை மட்டும் போடாத இன்னொரு குழாயும் வைக்க வேண்டும். நொதி போட்ட குழாய் 18-ஆவது சுற்றிலும் போடாதது 25-இலும் தெரிந்தால் நல்லது: ஏழு முறை இரட்டிப்பாவது 128 மடங்கு, ஆக மாசு ஒரு சதவீதத்துக்கும் கீழே. போடாதது 20-இலேயே வந்துவிட்டால் வித்தியாசம் நான்கு மடங்குதான். அளந்ததில் கால்வாசி பொய்.

இந்தக் குழாயை மிச்சப்படுத்தப் பலரும், நானும் ஒரு காலத்தில், ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். இன்ட்ரான்கள் போன பிறகு மிஞ்சும் துண்டுகளான எக்ஸான்கள் இரண்டு சேரும் எல்லையில் பிரைமரை அமைத்தால் நடுவில் இன்ட்ரான் உள்ள குரோமோசோம் டிஎன்ஏ பெருகாது அல்லவா? ஒப்பீட்டுக்கு எல்லோரும் எடுக்கும் ஜிஏபிடிஎச் மரபணுவில் இது கைவிட்டுவிடும். மனித குரோமோசோம்களில் அதன் போலிப் பிரதிகள் சுமார் 60 சிதறிக் கிடக்கின்றன. பல இன்ட்ரான் இல்லாதவை. நம் மரபணுத்தொகுதியிலேயே வாழும் தாவும் கூறு ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு ஆர்டி நொதி உண்டு. அது நம் முன்னோர்களின் செல்களில் ஜிஏபிடிஎச் தூது ஆர்என்ஏ-வைப் படியெடுத்துக் குரோமோசோமில் செருகிவிட்டுப் போயிருக்கிறது. குழாய்க்குள் நாம் செய்யும் சிடிஎன்ஏ-வும் அதுவும் பிசிஆருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நொதி போடாத குழாயை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.