வைஃபை ஏறலன்னா உடனே பாஸ்வேர்டை மாத்தாதீங்க

திங்கட்கிழமை காலை, துரைப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து போன். "சார், யாருக்குமே வைஃபை ஏற மாட்டேங்குது. நாற்பது பேருக்குப் பாஸ்வேர்டு மாத்திக் கொடுத்துட்டோம், அப்பவும் வரல."

"சனிக்கிழமை என்ன தம்பி பண்ணீங்க?"

"ரேடியஸ் சர்வர் சர்ட்டிபிகேட்டை ரின்யூ பண்ணோம் சார், அவ்வளவுதான்."

இந்த வருஷம் நான் கேட்கும் மூன்றாவது 'அவ்வளவுதான்'. வைஃபைக்குள் யாரை விடுவது என்று முடிவு செய்வது ரேடியஸ் சர்வர்; சர்ட்டிபிகேட் அதன் அடையாள அட்டை.

சர்வர் லாகைத் திறந்தால் திரும்பத் திரும்ப இந்த வரிதான்:

```
TLS Alert read:fatal:unknown CA
```

இதில் `read` என்ற சொல்லைக் கவனியுங்கள். இது சர்வருக்கு வந்த செய்தி, சர்வர் யாரையும் விரட்டவில்லை. லேப்டாப்தான் சர்வரைப் பார்த்து "நீ யாரென்றே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போகிறது. இங்கே ஓடும் PEAP என்ற லாகின் முறையில் சர்ட்டிபிகேட்டை ஒப்புக்கொண்ட பிறகுதான் பாஸ்வேர்டே கிளம்பும். பேச்சு அதுவரை போகவே இல்லை. அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி என்ன பயன்?

நடந்தது இதுதான். பழைய சர்ட்டிபிகேட் அலுவலகத்தின் சொந்த சிஏ, அதாவது சர்ட்டிபிகேட் வழங்கும் அமைப்பு, கொடுத்தது. புதியதை வெளியில் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். "பிரவுசர்ல எந்த எச்சரிக்கையும் காட்டலையே சார்" என்றார் தம்பி. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பிரவுசரில் நீங்கள் ஒரு முகவரியை அடிக்கிறீர்கள், அது அந்தப் பெயரோடு ஒப்பிடுகிறது. வைஃபையில் அப்படி அடிக்கும் முகவரி ஏது? நெட்வொர்க்கின் பெயரை எதிர் டீக்கடைக்காரர்கூட தன் ரூட்டருக்கு வைக்கலாம். அதனால்தான் இந்த ரூட் சிஏ, இந்த சர்வர் பெயர், இரண்டும் பொருந்தினால் மட்டும் நம்பு என்று லேப்டாப்பின் புரொபைலில் எழுதி வைக்கிறோம். உலகமே நம்பும் சிஏவாக இருந்தாலும், புரொபைலில் இல்லையென்றால் லேப்டாப்புக்கு அது அந்நியன்தான்.

புதிய சர்ட்டிபிகேட்டைப் போடுமுன் பழையது, புதியது இரண்டிலும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
openssl x509 -in server.pem -noout -issuer -subject -enddate
```

தேதி மட்டும் மாறியிருந்தால் நல்லது. `issuer` மாறியிருந்தால் அது ரின்யூவல் இல்லை, ஆள் மாற்றம். அப்படி மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், பழைய ரூட், புதிய ரூட் இரண்டும் உள்ள புரொபைலை முதலில் எல்லா மெஷினுக்கும் அனுப்புங்கள். லீவில் இருப்பவர்களும் வந்து வாங்கிக்கொள்ளட்டும். ரூட்டையும் சர்வர் சர்ட்டிபிகேட்டையும் இணைக்கும் இடைநிலை சர்ட்டிபிகேட்டையும் சர்வரே சேர்த்து அனுப்பவேண்டும். நெட்டே இல்லாத லேப்டாப் அதை எங்கே போய்த் தேடும்?

தயவுசெய்து "சர்ட்டிபிகேட் சரிபார்ப்பை ஆஃப் பண்ணுங்க" என்று மட்டும் ஊழியர்களுக்கு மெயில் போடாதீர்கள். அந்த டீக்கடை ரூட்டருக்கும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பழைய சர்ட்டிபிகேட்டுக்கு இன்னும் நான்கு நாள் உயிர் இருந்தது. அதையே திரும்பப் போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொருவராக ஏறினார்கள். பாஸ்வேர்டு மாற்றப்பட்ட அந்த நாற்பது பேரைத் தவிர. அவர்கள் போனில் பழைய பாஸ்வேர்டு அப்படியே சேமித்து இருந்தது.