ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூ: வரையறுத்த நேர்முகத் தேர்வு

'இன்டர்வியூ' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது என்பதே அதன் பழைய பொருள். 'ஸ்ட்ரக்சர்' லத்தீன் வழி வந்தது; அடுக்குதல், கட்டுதல் என்று பொருள். தமிழில் பத்திரிகைக்காரர் எடுப்பது பேட்டி, வேலைக்கு ஆள் எடுக்க நடத்துவது நேர்முகத் தேர்வு. நேர்காணல் இரண்டுக்கும் பொது.

'கட்டமைக்கப்பட்ட நேர்காணல்' என்று சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அதைக் கேட்டதும், எல்லோரிடமும் ஒரே கேள்விப் பட்டியலைக் கேட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அது பாதி வேலைதான். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை, விண்ணப்பதாரர் அறைக்குள் வருமுன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். அதனால்தான் 'வரையறுத்த நேர்முகத் தேர்வு' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதை 'ரூப்ரிக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் செங்காவி என்று பொருள். பழைய கையெழுத்துப் படிகளில் தலைப்புகளைச் சிவப்பில் எழுதியதால் வந்த பெயர். அதற்கு 'மதிப்பெண் வரையறை' பொருந்தும்.

ஒரு பனியன் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் தேவை என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். அந்த வேலையில் நிஜமாகவே தலைவலி தருவது எது? புத்தகத்தில் இருக்கும் ஸ்டாக்கும் ரேக்கில் இருக்கும் ஸ்டாக்கும் ஒத்துப்போகாதது. எனவே கேள்வி இப்படி அமையலாம்: "கணக்கில் உள்ள ஸ்டாக்குக்கும் எண்ணிப் பார்த்த ஸ்டாக்குக்கும் வித்தியாசம் வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

இதற்கு மதிப்பெண் வரையறை: லெட்ஜரில் எண்ணைத் திருத்திச் சரிக்கட்டியதாகச் சொன்னால் 1. மறுபடி எண்ணிப் பார்த்து மேலாளரிடம் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் 3. வரவு, வெளியேற்ற ஸ்லிப்புகளை ஒப்பிட்டு, எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடித்து, மறுபடி நடக்காமலிருக்க ஏதாவது மாற்றியிருந்தால் 5. இடைப்பட்டவை 2, 4. முன் அனுபவம் இல்லாதவர்களும் விண்ணப்பித்திருந்தால், "இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற வடிவத்தை எல்லோருக்கும் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கொரு வடிவம் கேட்டால் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது.

மதிப்பெண் போடும் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டங்கள் போதும்: ஒன்று மதிப்பெண்ணுக்கு, மற்றது அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ள. கேட்பவர்கள் இருவர் என்றால், தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளவே கூடாது. பேசிவிட்டால் மேலதிகாரியின் எண்ணையே மற்றவரும் போடுவார். ஒரே பதிலுக்கு ஒருவர் 5 போட்டு, "நல்லாப் பேசினார், தன்னம்பிக்கை" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் 3 போட்டு, "மறுபடி எண்ணினேன், மூணு பண்டல் குறைஞ்சது, சார்கிட்ட சொன்னேன்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது தாளில்தான் பதில் இருக்கிறது. முதல் தாளில் இருப்பது அபிப்பிராயம். இரண்டுக்கும் சராசரி எடுத்து 4 என்று சமரசம் செய்வதைவிட, வரையறையைத் திறந்து அந்தப் பதில் எந்த வரியில் உட்காருகிறது என்று பார்ப்பதே சரி. இங்கே அது 3.

இந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தியாவிலேயே வழக்கு உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 மதிப்பெண் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைத்தது, கேட்டதும் பொருத்தமற்ற கேள்விகள் என்பது மாணவர்களின் புகார். நேர்முகத்துக்கு மொத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்ற உச்ச நீதிமன்றம், நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு. தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் "எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பவருக்குக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்ற தேவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேள்வியே தவறாக இருந்தால் தாள் எதையும் காப்பாற்றாது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்விக்கு 4 வாங்கினால், அது ஆளைப் பிரித்துக் காட்டவில்லை என்று அர்த்தம். அதை அடுத்த தேர்வுக்கு மாற்றலாம். நடந்துகொண்டிருக்கும் தேர்வின் பாதியில் மாற்றினால், முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் இருவேறு தேர்வு நடத்தியதாக ஆகிவிடும்.