ஆலோசகர் ஒப்பந்தக் கடிதம்: ஊழிய உறவாக மாறாமல் எழுதுவது எப்படி

ஒரு நிறுவனம் வெளியாள் ஒருவரை ஆலோசகராக அமர்த்தும்போது, பழைய பணி நியமனக் கடிதத்தையே எடுத்துப் பதவிப் பெயரை மட்டும் மாற்றித் தருவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்தில் வேலை நேரம், விடுப்பு, மாதச் சம்பளம் எல்லாம் அப்படியே இருக்கும். நாளை அவர் வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ கேட்டு வந்தால், நிறுவனத்தின் கடிதமே அவர் பக்கம் சாட்சி சொல்லும்.

இந்தியச் சட்டம் ஊழிய ஒப்பந்தத்தையும் சேவை ஒப்பந்தத்தையும் வேறுபடுத்திப் பார்க்கிறது. எந்த வேலை என்பதோடு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டளையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது, கருவிகள் யாருடையவை, அவர் நிறுவனத்தின் அன்றாட இயக்கத்தில் ஓர் அங்கமாகக் கலந்துவிட்டாரா என்பனவற்றையெல்லாம் நீதிமன்றம் சேர்த்தே எடைபோடும். சில்வர் ஜூபிலி தையல் நிலைய வழக்கில் தையல்காரர்கள் துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றார்கள். சிலர் வீட்டுக்குக் கொண்டுபோயும் தைத்தார்கள். ஆயினும் இயந்திரங்கள் கடைக்குச் சொந்தமாக இருந்ததையும், சரியில்லாத தையலைத் திருப்பித் தந்து மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமை உரிமையாளருக்கு இருந்ததையும் கொண்டு, அவர்கள் ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்த்தது. ஆகவே ‘இவர் ஊழியர் அல்லர்’ என்ற ஒற்றை வரி கடிதத்தில் இருந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

கோவையில் பம்பு தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, ஓய்வு பெற்ற தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரை அமர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தினமும் காலை 10 முதல் மாலை 6 வரை ஆலையில் இருந்து தரக்கட்டுப்பாட்டைக் கவனிப்பார்; மாதம் ரூ. 60,000’ என்று எழுதினால் அது வேலைக்கு எடுத்ததாகவே படிக்கப்படும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘வார்ப்புப் பகுதியில் கழிவு ஏற்படும் காரணங்களை ஆய்ந்து முதல் அறிக்கையும், திருத்திய சோதனை முறைக் கையேடும், இறுதி மதிப்பீட்டு அறிக்கையும் மூன்று மாதங்களுக்குள் ஆலோசகர் ஒப்படைப்பார். பணி நேரத்தையும் செய்முறையையும் அவரே தீர்மானிப்பார். பிற நிறுவனங்களுக்கும் பணியாற்றலாம். ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் அவர் அனுப்பும் பில்லின் பேரில் ரூ. 60,000 வழங்கப்படும்.’ ஆலைக்கு வரும் நாள்களை முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அவரை வருகைப் பதிவு இயந்திரத்தில் சேர்க்கக் கூடாது.

பணம் தரும் முறையும் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். வரி பிடிப்பதற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், சம்பளம் என்றால் 192ஆம் பிரிவு இருந்தது. தொழில்முறைக் கட்டணம் என்றால் 194J. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்தப் பாகுபாடு அப்படியே இருக்கிறது. மேற்கண்ட பொறியாளருக்கு ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதமாக ரூ. 6,000 டி.டி.எஸ். பிடித்து ரூ. 54,000 தர வேண்டும். அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் 18 சதவீதமாக ரூ. 10,800 பில்லில் தனியாகக் காட்டுவார். அந்தத் தொகைக்கு டி.டி.எஸ். கிடையாது. ஊழியர் தம் முதலாளிக்குச் செய்யும் பணிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், பில்லும் வரியும் இருப்பதே உறவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்றாகும்.

பலர் கோட்டைவிடும் இடம் பதிப்புரிமை. ஊழியர் தம் பணியின் போக்கில் எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி முதலாளிக்குச் சேரும். ஆலோசகர் எழுதிய கையேடு, பணம் முழுதும் கொடுத்த பிறகும் பொதுவாக அவருக்கே உரியது. உரிமை நிறுவனத்துக்கு வேண்டுமானால் எழுத்து வடிவில் மாற்றித்தர வேண்டும். 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வெளிநாட்டுக்குப் பம்பு அனுப்பும் நிறுவனம் ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதத் தவறக் கூடாது.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் நடைமுறை வேறாக இருந்தால் கடிதம் நிற்காது. தீபாவளி போனஸ் பட்டியலில் அவர் பெயர் ஏறுவது, விடுப்புக்கு மேலாளரிடம் அவர் அனுமதி கேட்பது, விசிட்டிங் கார்டில் ‘தர மேலாளர்’ என்று அச்சடிப்பது ஆகிய மூன்றையும் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் பழைய கடிதத்தையே நீட்டித்துக்கொண்டு போவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. தொடர்ந்து அவர் தேவைப்பட்டால் புதிய பணியும் புதிய ஒப்படைப்பும் குறித்துத் தனிக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்படிக் குறிக்க எதுவும் இல்லாமல் அவர் தினமும் வந்தே ஆக வேண்டும் என்றால், நிறுவனத்துக்குத் தேவைப்படுவது ஊழியர்தான், அவருக்குக் கொடுக்க வேண்டியது பணி நியமனக் கடிதம்தான்.