அலகு எங்கே முடிகிறது? ஒட்டிய பாடத்திட்டத்தை அட்டவணையாக்குவது

பிடிஎஃபிலிருந்து பாடத்திட்டத்தை நகலெடுத்து ஒட்டினால் பத்தி, தடித்த எழுத்து, ஓரத்தில் தனியாக நின்ற மணிக்கணக்கு எல்லாம் போய், ஒரே நீளமான வரி மிஞ்சும். இப்படி:

```
அலகு 1 வெப்பநிலை 8 வெப்பமானிகள் – அலகு மாற்றம் அலகு 2 வெப்பப் பரவல் 10 கடத்தல் – சலனம் – கதிர்வீச்சு அலகு 3 வெப்ப இயக்கவியலின் 2-ஆம் விதி 9 என்ட்ரோபி – ஜூல்-தாம்சன் விளைவு மொத்தம் 27
```

இதை 'அலகு' என்ற சொல் வரும் இடமெல்லாம் வெட்டினால் மூன்று வரிசைக்குப் பதில் நான்கு வரும், ஏனென்றால் 'அலகு மாற்றம்' ஒரு தலைப்பு. ஆகவே எண் பின்தொடரும் 'அலகு' மட்டும்தான் புது வரிசையின் தொடக்கம். அந்த அலகு எண்ணுக்கு அடுத்து வரும் முதல் எண் மணி, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அலகின் பெயர், மணிக்குப் பிறகு அடுத்த அலகு வரை இருப்பதெல்லாம் தலைப்புகள். ரெகெக்ஸாக எழுதினால்:

```
அலகு\s+(\d+)\s+(.+?)\s+(\d+)\s*(.+?)(?=\s+அலகு\s+\d|\s+மொத்தம்)
```

ஓட்டிப் பார்த்தால் மூன்று வரிசை அழகாக வரும். அழகாக வருவதுதான் ஆபத்து! மணி நிரலைக் கூட்டுங்கள்: 8, 10, 2. மொத்தம் 20. மூலத்தில் இருப்பதோ 27. ஏழு மணி எங்கே போனது? மூன்றாம் அலகின் பெயரிலுள்ள '2-ஆம் விதி'யின் 2 மணியாகிவிட்டது, உண்மையான 9 தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 7.

திருத்தம் ஓர் எழுத்துதான். மணிக்குப் பின்னாலுள்ள `\s*` என்பதை `\s+` ஆக்கினால், இருபுறமும் இடைவெளி உள்ள எண் மட்டுமே மணியாகும். '2-ஆம்' தப்பிவிடும், கூட்டினால் 27. ஒட்டும்போது வரி முறிவுகள் வந்திருந்தால், முதலில் அவற்றை இடைவெளியாக மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ரெகெக்ஸின் புள்ளி பொதுவாக வரி முறிவைத் தாண்டாது.

அப்புறம் தலைப்புகளைப் பிரிப்பது. இங்கே இருபுறமும் இடைவெளி உள்ள நீளக் கோட்டில்தான் வெட்ட வேண்டும். கோடு போல எது தெரிந்தாலும் வெட்டினால் 'ஜூல்' ஒரு தலைப்பு, 'தாம்சன் விளைவு' இன்னொன்று என்று ஆகும், இதைக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. காற்புள்ளியில் நான் வெட்டுவதே இல்லை. அது பெரும்பாலும் ஒரே தலைப்பின் எடுத்துக்காட்டுகளைத்தான் பிரிக்கும்.

சில பாடத்திட்டங்களில் அலகுக்கு மணியே இருக்காது, கடைசியில் மொத்தம் மட்டும் இருக்கும். அதைச் சமமாகப் பங்கிட்டு நிரப்பிவிடாதீர்கள். கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், நடத்துபவர் நிரப்பட்டும்.