மீதியை மட்டும் பார்க்காதீர்கள், படியால் வகுத்துப் பாருங்கள்

வகைக்கெழு என்றால் தொடுகோட்டின் சாய்வு என்று பள்ளியில் படித்துவிட்டு வருகிறோம். கல்லூரியில் அதையே "மிகச் சிறந்த நேரியல் தோராயம்" என்கிறார்கள். எந்த வகையில் சிறந்தது? இதைக் கேட்காமல் கடந்துவிட்டால், பல மாறிகள் வரும்போது திணற வேண்டியிருக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டரில். இடைவெளியை 1200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால், சேலத்திலிருந்து x மீட்டர் மேலே அழுத்தம் இப்படி இருக்கும்:

p(x) = 980 · e^(−x/8500)

அலகு ஹெக்டோபாஸ்கல். நிஜக் காற்றில் உயரத்தோடு குளிரும் கூடும், ஆனால் நம் கணக்குக்கு இந்த மாதிரி போதும். x = 0 என்ற இடத்தில் வகைக்கெழு −980/8500, அதாவது மீட்டருக்கு −0.1153.

இப்போது வேறொரு கோட்டையும் போட்டிக்கு நிறுத்துவோம். சேலத்தையும் ஏற்காட்டையும் நேராக இணைக்கும் நாண் அது. சூத்திரப்படி ஏற்காட்டில் அழுத்தம் 850.97, எனவே நாணின் சாய்வு −0.1075. ஏற்காட்டில் நாணுக்குப் பிழையே கிடையாது. தொடுகோடோ அங்கே 841.65 என்று சொல்லி 9.3 ஹெக்டோபாஸ்கல் தவறுகிறது. அப்படியானால் நாண்தானே சிறந்தது?

சேலத்துக்குப் பக்கத்தில் வாருங்கள். 120 மீட்டர் ஏறினால் தொடுகோட்டின் பிழை 0.097, நாணின் பிழை 0.835. 12 மீட்டரில் தொடுகோட்டுக்கு 0.00098, நாணுக்கு 0.092. இரண்டு பிழைகளும் சுழியை நோக்கித்தான் போகின்றன. அதில் பெருமை ஒன்றும் இல்லை. சார்பு தொடர்ச்சியாக இருந்தால், அந்தப் புள்ளி வழியே எந்தக் கோட்டை வரைந்தாலும் பிழை சுழிக்குப் போகும்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பிழையைப் படியால், அதாவது புள்ளியிலிருந்து நகர்ந்த தூரத்தால், வகுக்க வேண்டும். 120-லிருந்து 12-க்கு வரும்போது தொடுகோட்டின் விகிதம் 0.00081-லிருந்து 0.000081 ஆகிறது, பத்தில் ஒரு பங்கு. நாணின் விகிதமோ 0.0070, 0.0077 என்று போய், இரண்டு சாய்வுகளின் வித்தியாசமான 0.0078-ஐ நெருங்கி நின்றுவிடுகிறது. ஆக, வரையறை இதுதான்:

f(a+h) = f(a) + L(h) + r(h), இங்கே h என்பது படி, L நேரியல் சார்பு, r(h) மீதி, அதாவது பிழை; h → 0 ஆகும்போது r(h)/|h| → 0

சிறந்தது என்பதன் பொருளும் இதிலேயே அடங்கியிருக்கிறது. L, M என்ற இரண்டு நேரியல் சார்புகள் இந்த நிபந்தனைக்கு உட்பட்டால், (L−M)(h)/|h| சுழிக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு திசையில் h-ஐ எவ்வளவு சுருக்கினாலும் நேரியல் சார்புக்கு இந்த விகிதம் மாறாது. மாறாத ஒன்று சுழிக்குப் போகிறது என்றால் அது முதலிலிருந்தே சுழிதான். ஆகவே L = M. தொலைவில் எந்தக் கோடு ஜெயிக்கிறது என்பதைப் பற்றி வகைக்கெழு எதுவும் சொல்வதில்லை.

கையால் போட்ட வகைக்கெழு சரியா என்று பார்க்கவும் இதே வழிதான். படியைப் பத்தில் ஒன்றாக்கினால், மென்மையான சார்புக்கு மீதி நூறில் ஒன்றாவது ஆக வேண்டும். பத்தில் ஒன்றாக மட்டும் குறைந்தால், எங்கோ வகையிடலில் தப்பு. மென்மை இல்லாத சார்பில் இவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது: |x|^1.5 என்ற சார்புக்குச் சுழியில் வகைக்கெழு உண்டு, ஆனால் படி நூறில் ஒன்றானால்தான் விகிதம் பத்தில் ஒன்றாகும்.

சரி, இரண்டு மாறிகளுக்கு வருவோம். சேர்வராயன் மலைமேல் ஒரு புள்ளியில் நிற்கிறோம், அங்கிருந்து கிழக்கே x, வடக்கே y தள்ளிப்போனால் உயரம்

f(x, y) = xy / √(x² + y²), f(0, 0) = 0

என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கிழக்கு மேற்காக நடந்தால் சமதரை, வடக்கு தெற்காக நடந்தாலும் சமதரை. இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் சுழி. ஆகவே L ஒன்று இருந்தால் அது சுழியாகத்தான் இருக்க முடியும், மீதி f-ஏதான். இப்போது வடகிழக்கே x = y = t என்று போங்கள். உயரம் t/√2, நடந்த தூரம் √2·t, விகிதம் 1/2. t எவ்வளவு சிறிதானாலும் அதே 1/2. பகுதி வகைக்கெழுக்கள் இருந்தும் அங்கே தொடுதளம் இல்லை.

கோளாறு எங்கே என்பதைப் பகுதி வகைக்கெழுவே காட்டிக்கொடுக்கிறது. மற்ற இடங்களில் x-ஐப் பொறுத்த வகைக்கெழு y³/(x²+y²)^1.5. வடக்கு அச்சில் ஆதிக்குச் சற்று மேலே அதன் மதிப்பு 1, ஆதியில் சுழி. பகுதி வகைக்கெழுக்கள் ஒரு புள்ளியிலும் அதன் அருகிலும் இருந்து, அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாகவும் இருந்தால் இப்படிப்பட்ட தாவல் நடக்காது, மீதியும் படியை விட வேகமாகவே சுருங்கும்.