லேடர் எங்கே தொடங்கியது என்று முதலில் பாருங்கள்

லண்டனில் ஒரு துணிக்கடையின் டைட்ஸ், ஸ்டாக்கிங்ஸ் பிரிவில் 12 வருடங்களாக வேலை செய்கிறேன். அக்டோபரில் குளிர் ஏறத் தொடங்கியதும் நம் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். காலையில் போட்டது மதியத்துக்குள் கிழிந்துவிட்டது, இந்த மாதத்தில் இது நாலாவது, கடையில் இருப்பதிலேயே தடியானதாகக் கொடுங்கள் என்பார்கள். தடியானதை எடுத்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்துவிடும், ஆனால் அடுத்த மாதமும் அவர்கள் வருவார்கள். அதனால் கிழிந்ததைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள் என்பேன். லேடர், அதாவது நீளமாக ஓடும் அந்தக் கிழிசல் கோடு, எந்த இடத்தில் தொடங்கியது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு திருச்சிப் பெண் அப்படிக் கொண்டு வந்தாள். அலுவலக வரவேற்பில் வேலை. மூன்று ஜோடி, மூன்றுமே மிக மெல்லிய 15 டெனியர், கறுப்பு, ஸ்மால் சைஸ். "அக்கா, விலை கூடினதுதான் வாங்கினேன், அதுவும் கிழிஞ்சிடுச்சு" என்றாள். நான் ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, விரல்களை விரித்து, வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டில் லேடர் கால் விரல் பக்கத்திலிருந்து ஏறியிருந்தது, அதுவும் கட்டைவிரலில் இல்லை, அதற்கு அடுத்த விரலில். மூன்றாவதில் தொடையில் ஒரு சின்ன ஓட்டை, அங்கிருந்து ஒரு கோடு முழங்கால் வரை ஓடியிருந்தது.

லேடர் என்பது என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். டைட்ஸ் தறியில் நெய்த துணி இல்லை, வட்ட வடிவ இயந்திரத்தில் சுமார் 400 ஊசிகள் ஒரே நேரத்தில் பின்னுவது. ஒவ்வொரு ஊசியும் கண்ணிக்குள் கண்ணியாக, நெடுக்காக ஒரு வரிசையைப் பின்னிக்கொண்டே போகும். ஒரு கண்ணி அறுந்தால், அது பிடித்துக்கொண்டிருந்த கண்ணி நழுவும், அது நழுவினால் அதற்கடுத்தது நழுவும், இப்படி அந்த ஒரு வரிசை மட்டும் அவிழ்ந்துகொண்டே போகும். குறுக்கே ஓடும் நூல்கள் மட்டும் மிஞ்சி ஏணிப் படிகள் மாதிரி நிற்கும். துணி எவ்வளவு இறுக்கமாக இழுபட்டு நிற்கிறதோ அவ்வளவு வேகமாக அது ஓடும். ஆகவே இரண்டு கேள்விகள்தான்: முதல் கண்ணியை அறுத்தது எது? அறுந்த பிறகு அதை ஓட வைத்தது எது?

அந்தப் பெண்ணிடம் மெட்டி போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். போட்டிருந்தாள். நம் மெட்டி பெரும்பாலும் முழு வளையமாக இருக்காது, விரலுக்குத் தக்கபடி அழுத்திக்கொள்ள இரண்டு முனைகளையும் திறந்தே விட்டிருப்பார்கள். அந்த முனையில் நைலான் மாட்டுகிறது, ஷூவுக்குள் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தேய்கிறது. இங்குள்ள விற்பனைப் பெண்களுக்கு இது தோன்றவே தோன்றாது, அவர்கள் நகத்தை வெட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மெட்டியைக் கழற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. முனைகள் இல்லாத முழு வளைய மெட்டி போடலாம். இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியை மெட்டியின் மேல் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு டைட்ஸ் போட்டால் போதும். கொலுசு மட்டும் வேண்டாம், அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும், கொக்கி உள்ள எதையும் எந்தப் பிளாஸ்திரியாலும் முழுதாக மூட முடியாது.

மூன்றாவது ஜோடியின் தொடை ஓட்டை நகம் பட்டது. ஆனால் அந்த நகத்தை அவ்வளவு அழுத்தி இழுக்க வைத்தது சைஸ். பாக்கெட்டின் பின்னால் உயரத்தையும் இடுப்பளவையும், அல்லது உயரத்தையும் எடையையும், வைத்து ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். நம்மில் பலர் உயரம் குறைவு, இடுப்பு அகலம், அதனால் இரண்டு சைஸுக்கு நடுவில் விழுவோம். அப்படி விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுங்கள். நீளம் கொஞ்சம் கூடினால் கால் முழுக்கப் பரப்பிவிடலாம், அகலம் குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சிறியதைப் போட்டிருக்கிறீர்களா என்று கண்ணாடியிலேயே தெரியும்: தொடையில் நிறம் வெளுத்தும் கணுக்காலில் அடர்ந்தும் இருக்கும், இடுப்புப் பட்டை உருண்டு கீழே இறங்கும்.

சரி, டெனியருக்கு வருகிறேன். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். 15 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலும் சேர்ந்து 15 கிராம்தான், அவ்வளவு மெல்லியது. 20 வரை தோல் நன்றாகத் தெரியும், 40 பக்கம் லேசாகத் தெரியும், 70க்கு மேல் அநேகமாகத் தெரியாது. எண் ஏற ஏறப் பலமும் பொதுவாக ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் சொல்வது நூலின் எடையை மட்டும். அந்த நூலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னினார்கள், எப்படி முறுக்கினார்கள் என்று சொல்லாது. அதனால்தான் இரண்டு கம்பெனிகளின் 40 டெனியர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கெட்டியாகவும் இன்னொன்று வலை மாதிரியும் இருக்கும். இன்னொன்று, டெனியர் கூடினால் காலுக்கு அழுத்தம் கிடைக்கும் என்று நினைத்து நரம்புச் சுருட்டலுக்கு 100 டெனியர் வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. மருத்துவ அழுத்தக் காலுறையை மில்லிமீட்டர் மெர்குரி கணக்கில் அளப்பார்கள், காலை அளந்துதான் கொடுப்பார்கள், அதை மருத்துவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நான் டெனியரைப் பார்த்ததும் அடுத்துப் பார்ப்பது எலாஸ்டேனை. லைக்ரா என்று பலர் சொல்வது இதைத்தான், ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பும் இழை. மலிவானவற்றில் இந்த இழை இடுப்புப் பட்டையில் மட்டும் இருக்கும், அல்லது காலில் குறுக்காக ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வரும். நல்லவற்றில் எலாஸ்டேன் மேல் நைலானைச் சுற்றி, அந்த நூலையே எல்லாச் சுற்றிலும் பின்னியிருப்பார்கள். பாக்கெட்டில் '3டி' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். இது முழங்காலில் தொளதொளக்காது, இழுத்தாலும் சுமை ஒரே கண்ணியில் விழாமல் சுற்றிலும் பரவும். கடையில் மாதிரி தொங்கவிட்டிருந்தால் உள்ளே கையை விட்டு விரித்துப் பாருங்கள், கையை எடுத்ததும் உடனே சுருங்கிப் பழையபடி ஆக வேண்டும்.

லேடர் பிடிக்காது என்று எழுதியவையும் உண்டு. அவற்றில் கண்ணிகளை மாற்றிக் கோத்திருப்பார்கள், அறுந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், கோடு ஓடாது. ஓட்டையே விழாது என்று நினைத்து வாங்காதீர்கள். பருத்தி, கம்பளி டைட்ஸில் லேடர் தொல்லை மிகக் குறைவு, கம்பளி நல்ல சூடும் கூட, ஆனால் பருத்தி முழங்காலில் தொங்கும், காய நேரமாகும், இரண்டிலுமே தேய்மானத்தில் பொடி உருண்டைகள் வரும்.

அந்தத் திருச்சிப் பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தது 40 டெனியர், எல்லாச் சுற்றிலும் எலாஸ்டேன், விரல் பகுதி கெட்டியாகப் பின்னியது, மீடியம் சைஸ், இரண்டு ஜோடி. 100 டெனியர் கேட்டுத்தான் வந்தாள். நாள் முழுக்க ஹீட்டர் ஓடும் அலுவலகத்தில் அது வேர்க்கும், நாலே நாளில் கழற்றிப் போட்டுவிடுவாள் என்று தோன்றியது.

போடும் விதத்தையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். குளித்த கையோடு ஈரக்காலில் போடக்கூடாது, வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், இழுக்க வேண்டி வரும். உட்கார்ந்துகொண்டு, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, ஒரு காலின் துணி முழுவதையும் இரண்டு கைகளாலும் விரல் பகுதி வரை சுருக்கிக்கொள்ள வேண்டும். விரல், குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு முழங்கால் வரை ஏற்றி நிறுத்திவிட்டு, அடுத்த காலையும் அதே உயரத்துக்குக் கொண்டு வர வேண்டும். அப்புறம்தான் எழுந்து நின்று தொடைக்கு ஏற்றுவது. இடுப்புப் பட்டையைப் பிடித்து மேலே இழுக்கவே கூடாது. உள்ளங்கையாலும் விரலின் சதைப் பகுதியாலும் கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் இதெல்லாம் செய்தும் பலனில்லை, காய்ந்த வெடிப்பின் விளிம்பு அரம் மாதிரி இழையை அறுக்கும். இரவில் களிம்பு தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்கினால் சில வாரங்களில் விளிம்பு மிருதுவாகும்.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். ஒரு ஜோடி நன்றாக இருந்தது, இன்னொன்றில் கெண்டைக்காலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் நூல் இழுபட்டிருந்தது. காலில் போட்டபோது நடந்திருந்தால் ஒரே பக்கமாக, மேசையோ பையோ உரசிய உயரத்தில் இருக்கும். இது எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தது. எதோடு துவைத்தாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட ஜாக்கெட்டோடு. ஜாக்கெட்டின் ஐந்து ஊக்குகளும் இயந்திரத்துக்குள் டைட்ஸைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருக்கின்றன.

கையால் துவைப்பதுதான் நல்லது, இரண்டு நிமிட வேலை. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் திரவ சோப்பு, அமுக்கி அமுக்கி எடுத்து அலசினால் போதும். நைலான் நனைந்தால் கொஞ்சம் பலம் குறையும், அதனால் முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்துங்கள். இயந்திரம்தான் என்றால் உள்பக்கம் திருப்பி, ஜிப் உள்ள வலைப் பையில் போட்டு, 30 டிகிரியில் மென்துணிச் சுற்றில் போடுங்கள், ஊக்கும் ஜிப்பும் உள்ள எதுவும் கூட இருக்கக்கூடாது. துணி மிருதுவாக்கும் திரவமும் பிளீச்சும் எலாஸ்டேனைக் கெடுக்கும். டிரையரும் சுடும் ஹீட்டரும் அதைவிட மோசம், அந்தச் சூட்டில் எலாஸ்டேன் திரும்பச் சுருங்கும் சக்தியை இழந்துவிடும். நிழலில் விரித்துப் போட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

நூல் இழுபட்டு வளையமாக நிற்கிறது, அறுபடவில்லை என்றால் அதை வெட்டாதீர்கள், வெட்டினால் லேடரை நீங்களே தொடங்கிவைக்கிறீர்கள். அந்த இடத்தைச் சுற்றித் துணியை நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுத்துவிட்டால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். அவளுடையதில் எட்டு இடம் அப்படித்தான் சரியானது. அறுந்துபோன இரண்டு இடத்தில் நிறமில்லாத நகப்பூச்சை, கோட்டின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தோம், காலில் போடாமல், உள்ளே ஒரு காகிதத்தை வைத்து, முழுதாகக் காயும் வரை தொடாமல். காலில் போட்டிருக்கும்போது வைக்க நேர்ந்தால் தோலோடு ஒட்டும், கழற்றும்போது அந்த இடத்தை நனைத்துவிட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும். அந்த ஜோடியை அவள் நீளமான பூட்ஸ் போடும் நாட்களுக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டாள், பொட்டு வைத்த இரண்டு இடமும் பூட்ஸுக்குள் மறைந்துவிடும்.